கூடுதல் பணம் கேட்டு வேலை நின்றால்: வீட்டுப் புதுப்பிப்பு ஒப்பந்ததாரரோடு கணக்குப் பேசும் வழி

குரோம்பேட்டையில் உள்ள எங்கள் முப்பத்தைந்து ஆண்டுப் பழைய வீட்டைப் புதுப்பிக்க 9,60,000 ரூபாய்க்கும் 75 நாளுக்கும் ஒப்பந்தம் போட்டோம். டைல்ஸையும் குளியலறைச் சாதனங்களையும் நாங்கள் வாங்கித் தருவது, மற்ற பொருளும் கூலியும் ஒப்பந்ததாரருடையது என்பது ஏற்பாடு. எழுபதாவது நாள், ஒரு சனிக்கிழமைக் காலையில், அவர் "சார், கட்டுப்படியாகலை" என்று தொடங்கி, 2,85,000 ரூபாய் கூடுதலாகிவிட்டது என்றும், அதில் இரண்டு லட்சத்தை அன்றே கொடுத்தால்தான் திங்கட்கிழமை ஆள் வரும் என்றும் சொன்னார். அதற்குள் 7,20,000 ரூபாய் கொடுத்திருந்தோம். ஒரு குளியலறை பாதியில் நின்றது, சமையலறையில் மேடை இல்லை, சுவர்களில் வண்ணம் ஏறவில்லை.

அடுத்த மூன்று வாரங்களில் தடுமாறித் தடுமாறிக் கற்றதை, இதே இடத்தில் மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன். எங்கள் கணக்கையே எடுத்துக்காட்டாகத் தருகிறேன். உங்கள் எண்களை அதே இடங்களில் இட்டுப் பாருங்கள்.

1. சனிக்கிழமையன்று எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்

கட்டட வேலையில் வாரக்கூலி சனிக்கிழமை மாலை பட்டுவாடா ஆகிறது. ஆகவே ஒப்பந்ததாரருக்குப் பண நெருக்கடி வெள்ளி இரவிலும் சனி காலையிலும்தான் உச்சத்தில் இருக்கும், கோரிக்கையும் அப்போதுதான் வரும். கொத்தனாரும் சித்தாளும் வாசலில் காத்திருக்கும் வேளையில் பேசினால், நீங்கள் பேசுவது ஒப்பந்தத்தைப் பற்றியதாக இராது; யார் வீட்டில் இன்று அடுப்பு எரியும் என்பதைப் பற்றியதாகிவிடும். கூலி நிற்கக் கூடாது என்று உங்களுக்குத் தோன்றினால், அந்த வாரத்துக் கூலிக்கு மட்டுமான தொகையை, "ஒப்பந்தத் தொகையில் கழித்துக்கொள்ளும் முன்பணம்" என்று வாட்ஸ்அப்பில் எழுதி, வங்கி வழியாக அனுப்புங்கள். இரண்டு லட்சத்தைப் பற்றிய பேச்சைச் செவ்வாய் அல்லது புதனுக்குத் தள்ளுங்கள். அந்த இரண்டு மூன்று நாள்கள் அடுத்த இரண்டு படிகளுக்குத் தேவை.

2. காகிதங்களைத் திரட்டுங்கள்

முதலில் ஒப்பந்தத்தையும் அதோடு இணைந்த மதிப்பீட்டையும் எடுங்கள். முத்திரைத்தாளில் எழுதாமல் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்ட மதிப்பீடோ, வாட்ஸ்அப்பில் வந்து நீங்கள் "சரி" என்று பதில் போட்ட மதிப்பீடோ இருந்தாலும் அது ஆவணமே. அடுத்து, கொடுத்த பணத்தின் பட்டியலைத் தேதிவாரியாக எழுதுங்கள், ரொக்கமாகக் கொடுத்ததற்கு ரசீது இல்லையென்றால், "இதுவரை நீங்கள் பெற்றது இவ்வளவு, சரிதானே?" என்று பட்டியலை அவருக்கே அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். உறவு கெடுவதற்கு முன் கேட்டால் தயங்காமல் ஒப்புக்கொள்வார், பின்னால் கேட்டால் மாட்டார். வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் ஏற்றுமதி செய்து வேறோர் இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

பலரும் மறப்பது, தளத்தில் கிடக்கும் பொருள்களின் பட்டியல். சிமெண்ட் மூட்டை, குழாய், வயர்ச் சுருள், டைல்ஸ் பெட்டி எல்லாவற்றையும் எண்ணி, தேதி தெரியும்படி புகைப்படம் எடுங்கள். பேச்சு முறிந்தால் முதலில் காணாமல் போவது இவைதான்.

3. முடிந்த வேலையைப் பணமாக மாற்றுங்கள்

"எழுபத்தைந்து சதவீதம் முடிந்துவிட்டது" என்பது ஒப்பந்ததாரரின் வாய்க்கணக்கு. வீட்டைச் சுற்றிப் பார்க்கும் கண்ணும் அதை நம்பிவிடும்; இடிப்பும் பூச்சும் பெரிதாகத் தெரியும், ஆனால் பணம் விழுங்கும் கடைசிக்கட்ட வேலைகள் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே மதிப்பீட்டில் உள்ள ஒவ்வோர் இனத்துக்கும் எவ்வளவு முடிந்தது என்று தனித்தனியே குறியுங்கள். எங்களுக்குத் தெரிந்த சிவில் பொறியாளர் ஒருவர் 4,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, அரைநாளில் ஒப்பந்ததாரரின் மேஸ்திரியையும் உடன் வைத்து அளந்து, தாளில் இருவரிடமும் கையெழுத்து வாங்கித் தந்தார். இந்தச் செலவைச் சேமிக்க நினைக்காதீர்கள்.

எங்கள் கணக்கு இப்படி வந்தது:

- இடிப்பும் குப்பை அகற்றலும்: ஒப்பந்தம் 70,000, முழுதும் முடிந்தது, மதிப்பு 70,000
- இரண்டு குளியலறைகள்: 2,60,000, 65 சதவீதம், 1,69,000
- சமையலறை: 1,30,000, 50 சதவீதம், 65,000
- தரை டைல்ஸ் பதிப்பு: 1,10,000, 60 சதவீதம், 66,000
- மின்வயரிங்: 1,60,000, 70 சதவீதம், 1,12,000
- பூச்சுப் பழுதும் வண்ணமும்: 1,80,000, 25 சதவீதம், 45,000
- கதவு, சன்னல் பழுது: 50,000, தொடங்கவில்லை

கூட்டினால் 5,27,000 ரூபாய். கொடுத்ததோ 7,20,000. கூடுதல் வேலைகளைச் சேர்ப்பதற்கு முன் நாங்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம் முன்னால் ஓடியிருந்தோம். அந்தப் பணம் எங்கே போனது என்று கேட்டால் பெரும்பாலும் விடை ஒன்றே: உங்கள் முன்பணம் வேறொரு தளத்தின் கூலிக்குப் போயிருக்கும், இன்னொருவரின் முன்பணம் வந்தால் உங்கள் வேலை நகரும். இது மோசடியாக இருக்க வேண்டியதில்லை. சிறிய ஒப்பந்ததாரர்கள் பலர் இப்படித்தான் தொழில் ஓட்டுகிறார்கள். ஆனால் இரண்டு லட்சம் கேட்பதன் காரணம் உங்கள் வீட்டில் இல்லை என்பதைப் பேசுவதற்கு முன்பே நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

4. கூடுதல் தொகையை மூன்றாகப் பிரியுங்கள்

பேச்சு வெல்வதும் தோற்பதும் இந்தப் படியில்தான். ஒரே மொத்தமாக 2,85,000 என்று வரும் கோரிக்கைக்கு, "ஒன்றரை லட்சம் தருகிறேன்" என்று மொத்தமாகவே பதில் சொன்னால் அது சந்தைப் பேரமாகிவிடும். இனவாரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதி வந்ததும் ஒவ்வொன்றையும் இந்த மூன்றில் ஒன்றில் போடுங்கள்: நீங்கள் கேட்டு மாற்றியது, இடித்த பின்தான் தெரிந்தது, அவருடைய மதிப்பீட்டுப் பிழை அல்லது விலையேற்றம். முதல் வகை முழுதும் உங்களுடையது. இரண்டாம் வகை உங்களுடையதே, ஆனால் அளவையும் விலையையும் சரிபார்க்க வேண்டும். மூன்றாம் வகை, பொருளும் கூலியும் சேர்ந்த மொத்தத்தொகை ஒப்பந்தத்தில் விலையேற்றத்துக்கென்று தனி விதி இல்லையென்றால், அவருடையது.

எங்களிடம் வந்த ஐந்து இனங்களும் அவை முடிந்த விதமும்:

முதலாவது, சமையலறைத் தொட்டியை வேறு சுவருக்கு மாற்றியதற்கும் ஒன்பது மின்இணைப்புப் புள்ளிகள் சேர்த்ததற்கும் 38,000. இவற்றை நாங்கள்தான் வாய்மொழியாகக் கேட்டோம். எழுத்தில் இல்லை என்று மறுத்திருக்கலாம். ஆனால் கேட்டு வாங்கி அனுபவிக்கும் வேலைக்கு நியாயமான விலை கொடுத்தாக வேண்டும் என்பதே சட்டமும், நடைமுறையும். முதல் இனத்தைப் பேரமின்றி ஒப்புக்கொண்டது மற்ற நான்கிலும் எங்கள் சொல்லுக்கு எடை சேர்த்தது.

இரண்டாவது, மேல்தொட்டியிலிருந்து வரும் பழைய இரும்புக் குழாய்கள் துருவேறி அடைத்திருந்ததால் மாற்றியதற்கு 42,000. சுவரை உடைக்கும்வரை யாருக்கும் தெரிய வழியில்லை. கடைப் பில்லையும் பிளம்பர் கூலியையும் கேட்டு வாங்கி, அவருக்குரிய லாபத்தையும் சேர்த்து 34,000 என்று முடித்தோம்.

மூன்றாவது, பூச்சு. பழைய டைல்ஸைப் பெயர்த்தபோதும் வயர்த் தடம் வெட்டியபோதும் சுவர்ப்பூச்சு பாளம் பாளமாக விழுந்தது உண்மை. அவர் 1,200 சதுர அடி, சதுர அடிக்கு 75 ரூபாய் என்று 90,000 போட்டிருந்தார். பொறியாளர் அளந்தபோது வந்தது 780 சதுர அடி. அளவைச் சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. ஒன்றுக்கு நான்கு கலவையில் 12 மில்லிமீட்டர் கனத்துக்கு நூறு சதுர அடிக்குச் சேதாரம் சேர்த்து ஏறத்தாழ ஒரு மூட்டை சிமெண்ட் பிடிக்கும்; எங்கள் சுவர் மேடுபள்ளமாக இருந்ததால் கனம் 17 மில்லிமீட்டர் ஆனது, ஆகவே நூறு சதுர அடிக்கு 1.4 மூட்டை. 780 சதுர அடிக்குப் பதினொரு மூட்டை, 1,200 என்றால் பதினேழு. பூச்சு நடந்த வாரத்தில் வந்திறங்கியது பதினொன்று. இதைச் சொன்னதும் அளவைப் பற்றிய வாக்குவாதம் நின்றது. மதிப்பீட்டிலேயே 200 சதுர அடி ஒட்டுப்பூச்சு இருந்ததைக் கழித்து, 580 சதுர அடிக்கு 65 ரூபாய் வீதம் 37,700 என்று ஒப்புக்கொண்டோம்.

நான்காவது, சிமெண்ட்டும் எம்.சாண்டும் விலையேறியதாக 65,000. மொத்தத்தொகை ஒப்பந்தம் என்பதால் ஒரு ரூபாயும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஐந்தாவது, நாங்கள் வாங்க வேண்டிய டைல்ஸ் ஒன்பது நாள் தாமதமாக வந்ததால் ஆள் சும்மா நின்ற கூலி 50,000. தாமதம் எங்களுடையதுதான், தேர்ந்தெடுத்த நிறம் கடையில் தீர்ந்து, வேறு தொகுப்பில் வந்தது. ஆனால் டைல்ஸ் ஆட்கள் இருவரும் ஓர் உதவியாளும் நான்கு நாள்தான் காத்திருந்தார்கள், பிறகு வேறு தளத்துக்குப் போய்விட்டார்கள் என்பது வருகைப் புகைப்படங்களில் தெரிந்தது. 12,000 தந்தோம்.

ஆக ஒப்புக்கொண்ட கூடுதல் 1,21,700. புதிய மொத்தம் 10,81,700.

5. பேசுவதற்கு முன் உங்கள் எல்லையைக் கணக்கிடுங்கள்

கூடுதல் வேலைகளில் 1,02,700 ரூபாய்க்கானது ஏற்கெனவே முடிந்திருந்தது. அதையும் சேர்த்தால் முடிந்த வேலையின் மதிப்பு 6,29,700. அப்போதும் நாங்கள் 90,300 முன்னால் இருந்தோம். மீதி வேலை 4,52,000 ரூபாய்க்கு, கொடுக்க வேண்டிய மீதியோ 3,61,700 மட்டுமே.

இந்த நிலையில் அவரை அனுப்பிவிட்டு வேறொருவரை அழைத்தால் என்ன ஆகும் என்று விசாரித்தோம். பாதியில் நிற்கும் வேலையை எடுக்க யாரும் விரும்புவதில்லை. முந்தையவர் போட்ட குழாய் கசிந்தால் யார் பொறுப்பு என்ற அச்சத்தில் விலையை ஏற்றித்தான் சொல்வார்கள். மிகக் குறைவாக வந்த விலை 5,20,000. அதாவது உறவை முறித்தால் எங்கள் கைவிட்டுப் போவது 1,58,300 ரூபாய், அதோடு ஒரு மாதம். எவ்வளவு கோபம் வந்தாலும், 1,58,300 ரூபாய்க்குக் குறைவான விட்டுக்கொடுப்பில் அவர் வேலையை முடித்துத் தந்தால் அது எங்களுக்கு லாபம் என்பது தெளிவானது. இந்த எண்ணை அவரிடம் சொல்லாதீர்கள், ஆனால் கையில் வைத்துக்கொள்ளாமல் போய் உட்காராதீர்கள்.

6. ஆட்கள் முன்னிலையில் பேசாதீர்கள்

பேச்சைத் தளத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சுவரைக் காட்டிப் பேச முடியும். ஆனால் ஆட்கள் போன பிறகோ மதிய உணவு நேரத்திலோ பேசுங்கள். தன் கொத்தனார் முன்னால் ஓர் ஒப்பந்ததாரரைக் கணக்குக் கேட்டால், அவர் விட்டுக்கொடுக்க நினைத்தாலும் கௌரவம் விடாது. அளவுத்தாளை அவர் பக்கம் நகர்த்தி, அவரே படிக்கட்டும். முதலில் நீங்கள் ஒப்புக்கொள்ளும் இனங்களை முடியுங்கள், பிறகு பாதி ஒப்புக்கொள்பவை, கடைசியில் மறுப்பவை.

இங்கே ஒரு பொறியுண்டு. "ஆள் கூலியை நீங்களே நேரடியாகக் கொடுத்துவிடுங்கள் சார்" என்று அவர் சொல்வார். அது வசதியாகத் தோன்றும். ஆனால் அன்றிலிருந்து தரத்துக்கும் வேகத்துக்கும் யார் பொறுப்பு என்பது மங்கிவிடும், நாள்கூலிக்கு முடிவும் இராது. நாங்கள் அதற்குப் பதிலாகப் பொருளை மட்டும் நேரடியாக வாங்கினோம்: கடைப் பில் எங்கள் பெயரில், தொகை அடுத்த தவணையில் கழிவு. அதோடு, அவர் வழக்கமாகக் கடன் வாங்கும் ஹார்டுவேர் கடையில் எங்கள் வீட்டின் பெயரில் பாக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள். எங்களுக்கு 18,500 இருந்தது. விட்டிருந்தால் கடைக்காரர் ஒருநாள் எங்கள் வாசலில்தான் நின்றிருப்பார். அதை முதல் தவணையில் நேராகக் கடைக்கே செலுத்துவதென எழுதிக்கொண்டோம்.

7. துணை ஒப்பந்தம் எழுதுங்கள்

இரண்டு பக்கம் போதும். பழைய ஒப்பந்தத்தின் தேதி, ஒப்புக்கொண்ட கூடுதல் இனங்கள், புதிய மொத்தத் தொகை, இதுவரை பெற்ற தொகை, இனி எழுத்தில் ஒப்புதல் இல்லாத கூடுதல் வேலைக்குப் பணம் கேட்பதில்லை என்ற வரி, புதிய முடிவுத் தேதி, தவணைகள். தவணைகள் தேதியோடு கட்டுப்படாமல், முடிந்த வேலையோடு கட்டுப்பட வேண்டும். எங்கள் 3,61,700 இப்படிப் பிரிந்தது:

- இரு குளியலறைகளும் முடிந்து, 48 மணி நேரம் தண்ணீர் தேக்கி வைத்துக் கசிவில்லை என்று பார்த்த பின் 80,000
- சமையலறையும் தரையும் முடிந்த பின் 90,000
- வயரிங் முடிந்து எர்த் சோதித்த பின் 60,000
- கதவும் வண்ணமும் முடிந்து சாவி கைக்கு வந்த பின் 76,700
- பிடித்து வைக்கும் தொகை, மழைக்காலம் கழிந்து கசிவும் ஓதமும் இல்லையென்றால் 55,000

முதல் தவணை வரும்வரை அவர் கையில் பணம் இராது என்பதால், 40,000 ரூபாய் வரை பொருள் வாங்கித் தந்து அந்தத் தவணையில் கழிப்பதாக ஏற்றோம். கழுத்தை நெரித்துவிட்டு வேலையை எதிர்பார்க்க முடியாது. ஐந்து சதவீத அளவில் பிடித்து வைக்கும் தொகையை அவர் கடுமையாக எதிர்த்தார். விலையேற்றத்தை மறுத்ததைவிட இதற்குத்தான் நேரம் அதிகம் பிடித்தது. ஆனால் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பணம் முழுதும் போன பிறகு ஒழுகும் குழாய்க்கு யாரும் போன் எடுப்பதில்லை.

8. தாமதத்துக்கு விலை வைப்பது

முதல் ஒப்பந்தத்தில் தாமதத்துக்குக் கழிவு எதுவும் எழுதாதது எங்கள் தவறு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 74-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் குறித்த தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடே கிடைக்கும். ஆகவே நாளுக்கு ஐயாயிரம் என்று மிரட்டலாக எழுதுவதில் பயனில்லை. நாங்கள் வாடகை வீட்டுக்கு மாதம் 16,000 கொடுத்துக்கொண்டிருந்ததால், நாளுக்கு 600 என்று எழுதினோம். கணக்கு கண்ணுக்குத் தெரிந்ததால் அவரும் மறுக்கவில்லை.

அதே சட்டத்தின் 55-ஆம் பிரிவில் பலர் விழும் குழி ஒன்று உள்ளது. குறித்த காலத்துக்குள் முடிப்பது ஒப்பந்தத்தின் உயிர்நாடி என்று கொள்ளப்படும் இடத்தில், காலம் தாண்டிய வேலையை ஏற்றுக்கொள்ளும்போதே இழப்பீடு கோரும் எண்ணத்தைத் தெரிவிக்காவிட்டால், பின்னால் கோர முடியாது. எனவே கெடு முடிந்த அன்றே, "கெடு இன்றோடு முடிந்தது, வேலையைத் தொடர அனுமதிக்கிறேன், ஆனால் தாமதத்துக்கான கழிவைக் கோரும் உரிமையை விடவில்லை" என்று எழுதி அனுப்புங்கள். மரியாதையான இரண்டு வரி போதும்.

புதிய தேதியைக் குறிக்கும்போது நாள்காட்டியைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்கினால் வெளிப்பூச்சும் வண்ணமும் நின்றுவிடும், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஆட்கள் ஊருக்குப் போனால் ஒரு வாரம் கழித்துத்தான் திரும்புவார்கள். நாங்கள் அக்டோபர் 10 என்று குறித்தோம். வேலை முடிந்தது அக்டோபர் 22. மழை பெய்த இரண்டு நாளை விட்டு, பத்து நாளுக்கு 6,000 கழித்தோம்.

9. பேச்சு முறிந்தால்

காவல் நிலையத்துக்குப் போனால் இது உரிமையியல் தகராறு என்று பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவுக்கும் போகாதீர்கள், விற்பனைக்காக அல்லாத பழுதுபார்ப்பும் புதுப்பிப்பும் அதன் கீழ் வருவதில்லை. உங்களுக்குரிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

முதலில் கூட்டு அளவீட்டுக்குத் தேதி குறித்து எழுத்தில் அழையுங்கள். அவர் வராவிட்டாலும் பொறியாளரை வைத்து அளந்து, புகைப்படமும் காணொளியும் எடுத்த பிறகே புதியவரை உள்ளே விடுங்கள். புதியவர் கை வைத்துவிட்டால் பழையவரின் குறை எது என்று நிரூபிக்க முடியாது. அடுத்து, பதினைந்து நாள் கெடு கொடுத்துப் பதிவு அல்லது விரைவு அஞ்சலில் அறிவிப்பு அனுப்புங்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். 1915 என்ற உதவி எண்ணில் முதலில் புகார் பதியலாம். தீர்ப்புக்கு மாதக்கணக்கிலும் சில நேரம் ஆண்டுக்கணக்கிலும் ஆகும் என்பதால், அதுவரை வீட்டை முடிக்கும் பணத்தைத் தனியே வைத்துக்கொண்டுதான் இந்தப் படியில் இறங்க வேண்டும்.

எங்களுக்கு அந்தப் படி தேவைப்படவில்லை. பிடித்து வைத்த 55,000 ரூபாயில், டிசம்பர் மழையில் சன்னல் மேல்விளிம்பு ஒன்று கசிந்ததைச் சரிசெய்து தந்த பிறகு, ஜனவரியில் முழுத் தொகையையும் கொடுத்து, "இந்த ஒப்பந்தத்தின் கீழ் இரு தரப்புக்கும் பாக்கியில்லை" என்று இருவரும் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டோம். அந்த வரியைக் கடைசித் தவணைக்கு முன் எந்த ரசீதிலும் எழுதவோ கையெழுத்திடவோ கூடாது.